பாரீசில் வாங்கிய டிவிடி புதுச்சேரியில் ஏன் ஓடுவதில்லை: ரீஜன் கோடும் சட்டத்துக்குட்பட்ட வழிகளும்

முத்தியால்பேட்டையைச் சேர்ந்த, பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர் ஒரு டிவிடி பிளேயரையும் நான்கு வட்டுகளையும் துணிப்பையில் போட்டு என் பட்டறைக்கு எடுத்து வந்தார். பாரீசில் குடியிருக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது மூன்று வட்டுகளைக் கொண்டு வந்திருந்தார். நான்காவது, அமெரிக்காவிலிருந்து வந்த மருமகனின் தம்பி கொடுத்தது. "தம்பி, இதுல ஒண்ணுதான் ஓடுது. லென்சு போயிடுச்சு, மாத்தணும்னு ஒரு கடையில சொல்லிட்டாங்க" என்றார். பிளேயரில் உள்ளூரில் வாங்கிய பழைய டிவிடி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அது தடங்கலின்றி ஓடியது. லென்சுக்கு எந்தக் குறையும் இல்லை. பழுதே இல்லாத பிளேயருக்கு லென்சு மாற்றிப் பணம் கொடுத்து, அதன் பிறகும் பாரீசு வட்டுகள் ஓடாமல் ஏமாந்தவர்களை நான் அறிவேன். அவர் கொண்டு வந்த அந்த நான்கு வட்டுகளை வைத்தே இந்தச் சிக்கலை முழுமையாக விளக்கிவிடலாம்.

முதற்படி: திரையில் வரும் செய்தியைப் படித்தல்

ஓடாத வட்டைப் பிளேயரில் இட்டு, ஏறக்குறைய அரை நிமிடம் பொறுத்திருந்து திரையைக் கவனியுங்கள். வட்டு சுழன்று சற்று நேரத்தில் `WRONG REGION` அல்லது `REGION ERROR` என்று வந்தால், பிளேயர் வட்டைச் சரியாகவே படித்துவிட்டது என்று பொருள். படித்தால்தான் அதிலுள்ள ரீஜன் எண்ணை, அதாவது எந்த நாடுகளுக்கான வட்டு என்று குறிக்கும் எண்ணை, அது அறிய முடியும். அறிந்த பிறகே அது மறுக்கிறது. மாறாக, வட்டு நெடுநேரம் தயங்கித் தயங்கிச் சுழன்று `NO DISC` அல்லது `BAD DISC` என்று வந்தால், பிளேயரால் வட்டைப் படிக்கவே முடியவில்லை. அழுக்கு, கீறல், தேய்ந்த லென்சு ஆகியவை அதற்குக் காரணமாகலாம். அல்லது அந்தப் பிளேயருக்குப் பொருந்தாத வேறு வகை வட்டாக இருக்கலாம். மூன்றாவது நிலையும் ஒன்று உண்டு: படம் வருகிறது, ஆனால் கறுப்பு வெள்ளையாகவோ மேலும் கீழும் உருண்டுகொண்டோ வருகிறது. இதற்கும் ரீஜனுக்கும் தொடர்பில்லை. இது பிஏஎல், என்டிஎஸ்சி என்னும் ஒளிபரப்பு முறைகளின் வேறுபாடு.

சொல்தா ஐயாவின் வட்டுகளில் பிரெஞ்சுப் படமும் அமெரிக்க வட்டும் `WRONG REGION` என்றன. மூன்றாவது `NO DISC` என்றது. பாரீசின் லா சப்பேல் பகுதித் தமிழ்க் கடையில் வாங்கிய தமிழ்ப் படம் மட்டும் ஓடியது. ஆக, ஒரே மேசையில் மூன்று விதமான நிலைகள் இருந்தன. கடைக்காரர் அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து லென்சைக் குற்றம் சொல்லியிருந்தார்.

இரண்டாம் படி: உறையின் பின்புறத்தைப் பார்த்தல்

உறையின் பின்பக்கத்தில், பெரும்பாலும் கீழ் ஓரத்தில், சிறிய உலக உருண்டைப் படம் ஒன்றும் அதன் நடுவே ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்தான் ரீஜன் கோடு. டிவிடி 1996இன் இறுதியில் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தபோது, ஒரு படம் எல்லா நாட்டுத் திரையரங்குகளிலும் ஒரே நாளில் வெளியாகும் வழக்கம் இல்லை. அமெரிக்காவில் வட்டாக வந்துவிட்ட படம் ஐரோப்பாவில் இன்னும் திரைக்கே வராமல் இருக்கக்கூடும். அங்கிருந்து வட்டு இறக்குமதியாகித் திரையரங்கு வசூலைக் கெடுத்துவிடக் கூடாது என்று படநிறுவனங்கள் உலகை மண்டலங்களாகக் கூறுபோட்டன. வட்டின் பூட்டைத் திறக்கும் உரிமத்தைப் பிளேயர் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்தபோது, ரீஜனைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் அதில் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தார்கள். வேலியைப் போட்டது இரு வணிகத் தரப்புகளுக்கு இடையிலான அந்த ஒப்பந்தம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

நம் வாசகர்களுக்கு வேண்டிய எண்கள் சிலவே. இந்தியாவுக்கு 5. இலங்கையும் அதே 5இல்தான் இருக்கிறது. ஆகவே கொழும்பில் முறையாக விற்கும் வட்டு இங்கே ரீஜன் காரணமாக நிற்பதில்லை. பிரான்சுக்கு 2. பிரிட்டனும் வளைகுடா நாடுகளும் ஜப்பானும் அதே எண்ணில் இருப்பதால், கடலூர்க்காரர் ஒருவர் குவைத்தில் வாங்கி வரும் வட்டும் பாரீசு வட்டைப் போலவே நடந்துகொள்ளும். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் 1. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் 3. ஆஸ்திரேலியாவுக்கு 4. உருண்டைக்குள் `ALL` என்றோ 0 என்றோ இருந்தால் எந்த நாட்டுப் பிளேயரிலும் ஓடும். தமிழ்ப் படங்களின் வட்டுகளில் பல இப்படித்தான் வருகின்றன. வெளிநாடுகளில் சிதறிக் கிடக்கும் தமிழர்களிடம் விற்க வேண்டிய பொருளுக்கு வேலி போட்டால் நட்டம் விற்பவருக்குத்தான். லா சப்பேல் வட்டு ஓடியதன் மர்மம் இவ்வளவே.

மூன்றாம் படி: ஐயமிருந்தால் கணினியில் உறுதிசெய்தல்

உறை தொலைந்திருந்தாலோ, உருண்டைப் படம் அச்சாகாமல் விட்டிருந்தாலோ, கணினியின் டிவிடி டிரைவில் வட்டை இட்டு அதன் கோப்புகளைத் திறந்து பாருங்கள். `VIDEO_TS` என்ற கோப்புறை தெரிந்தால் டிரைவ் வட்டைப் படிக்கிறது என்று பொருள். ரீஜன் பொருந்தாத டிரைவிலும் கோப்புப் பெயர்கள் தெரியும். படத்தை ஓட்டும்போதுதான் மறுப்பு வரும். லினக்சின் கட்டளை வரியில் பழக்கமுள்ளவர்கள், அந்தக் கோப்புறைக்குள் சென்று, ரீஜன் எழுதப்பட்ட ஒற்றை பைட்டையே படித்துவிடலாம்:

```
xxd -s 0x23 -l 1 VIDEO_TS.IFO
```

விடை `fd` என்று வந்தால் 2 மட்டும்; `fe` என்றால் 1 மட்டும்; `ef` என்றால் 5 மட்டும்; `00` என்றால் எல்லா நாடுகளும். எட்டு பிட்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு மண்டலத்துக்கு உரியது. பிட் 1 ஆக இருந்தால் அந்த மண்டலத்துக்குத் தடை, 0 ஆக இருந்தால் அனுமதி. ஒரே வட்டுக்கு இரண்டு மண்டலங்களில் அனுமதி தருவதும் உண்டு. `ed` என்று வந்தால் 2, 5 இரண்டிலும் ஓடும். அப்படிப்பட்ட வட்டு நம் பிளேயரில் ஓடவில்லை என்றால் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

நான்காம் படி: வழியைத் தேர்ந்தெடுத்தல்

பலரும் வட்டை மாற்ற வழி தேடுகிறார்கள். பிளேயரை மாற்றுவதே சட்டத்துக்கும் செலவுக்கும் ஏற்றது என்பது என் கருத்து. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, புதுச்சேரிக் குடும்பங்களுக்கு மிக எளிதானது: பிரான்சிலிருந்து வரும் உறவினரிடம் அங்கே விற்கும் சாதாரணப் பிளேயர் ஒன்றைக் கொண்டு வரச் சொல்வது. அது ரீஜன் 2க்கென்றே செய்யப்பட்டது. பிரெஞ்சு வட்டை ஒரு கேள்வியும் கேட்காமல் ஓட்டும். பிரான்சின் மின்சாரமும் நம்முடையதைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிவிடியைப் பொறுத்தவரை அங்கும் பிஏஎல்தான், இங்கும் பிஏஎல்தான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பிரெஞ்சுப் பிளேயர்களில் பின்புறம் அகலமான ஸ்கார்ட் இணைப்பு இருப்பது வழக்கம். நம் தொலைக்காட்சிகளில் அது இல்லாததால், எச்டிஎம்ஐ இணைப்பும் உள்ள பிளேயராகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இதே யோசனையை அமெரிக்க வட்டுகளுக்குக் கையாள்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 120 வோல்ட். பிளேயரின் பின்புறம் `100-240V` என்று எழுதியிருந்தாலொழிய அதை நம் வீட்டு மின்சாரத்தில் நேராகச் செருகக் கூடாது. செருகிவிட்டுப் புகை வந்த பிறகு கொண்டு வரப்பட்ட ஒரு பிளேயரின் மின்வழங்கிப் பலகையை நான் இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் காட்டுவதற்காக.

இரண்டாவது வழி, எல்லா மண்டலங்களையும் ஏற்கும் பிளேயரை இங்கேயே வாங்குவது. இப்போது டிவிடி பிளேயர் வைத்திருக்கும் கடைகளே குறைந்துவிட்டன. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பிளேயர்களைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். எங்கே வாங்கினாலும், "எல்லா சிடியும் ஓடும் சார்" என்ற வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். பலருக்கு அது எம்பி3 ஓடும், விசிடி ஓடும் என்ற பொருளில்தான் தெரியும். உங்கள் பிரெஞ்சு வட்டைக் கையோடு எடுத்துச் சென்று, கடையிலேயே படம் வரும்வரை ஓட்டிப் பார்த்த பின் பணம் கொடுங்கள். முதன்மைப் பட்டியல் திரை வந்தால் மட்டும் போதாது, படமும் தொடங்க வேண்டும். காரணம், ஏறத்தாழ 2000ஆம் ஆண்டிலிருந்து சில அமெரிக்க வட்டுகளில் ஆர்சிஇ என்னும் கூடுதல் சோதனை சேர்க்கப்பட்டது. வட்டிலுள்ள நிரலே பிளேயரிடம் "உன் எண் என்ன?" என்று கேட்கும். 1 என்ற விடை வராவிட்டால், உலக வரைபடம் ஒன்றைக் காட்டி நின்றுவிடும். எல்லா மண்டலத்துக்கும் திறந்துவிடப்பட்ட பிளேயர் அந்த இடத்தில் தடுமாறும். அமைப்புப் பட்டியலில் எண்ணை 1 என்று குறிப்பாக மாற்றும் வசதி அந்தப் பிளேயரில் இருந்தால், மாற்றியவுடன் அதே வட்டு ஓடும்.

சில பிளேயர்களில் தொலைஇயக்கியின் எண்களை ஒரு வரிசையில் அழுத்தினால் ரீஜனை மாற்றும் தொழிற்சாலைப் பட்டியல் திறக்கும். இது ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. உங்கள் மாடலின் எண்வரிசை உறுதியாகத் தெரிந்தால் முயலலாம். ஆனால் அந்தப் பட்டியலில் ரீஜன் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். திரை வகையையோ டிரைவ் வகையையோ தவறுதலாக மாற்றிவிட்டால், மீண்டும் அந்தப் பட்டியலைப் பார்க்கவே திரை வராமல் போகலாம். யாரோ பதிவேற்றிய ஃபர்ம்வேர் கோப்பை ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதியில் மின்சாரம் நின்றால் அந்தப் பிளேயர் அதோடு முடிந்தது. நம் ஊரில் மின்சாரம் நிற்பதற்குத் தனிக் காரணம் தேவையில்லை.

மூன்றாவது வழி, யுஎஸ்பியில் இணைக்கும் தனி டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கி, அதைப் பிரெஞ்சு வட்டுகளுக்கென்றே ஒதுக்கிவிடுவது. 2000க்குப் பின் வந்த கணினி டிரைவ்களில் ரீஜன் எண் டிரைவுக்குள்ளேயே எழுதப்படுகிறது. பயனர் அதை 5 முறை மட்டுமே மாற்றலாம். ஐந்தாவது மாற்றத்துக்குப் பின் கடைசியாக வைத்த எண் நிலைத்துவிடும். எண்ணிக்கை டிரைவில் இருப்பதால், விண்டோசை அழித்து மறுபடி நிறுவினாலும் அது திரும்பாது. ஆகவே ஒரே டிரைவில் இன்று 2, நாளை 5 என்று மாற்றி மாற்றி விளையாடாமல், மடிக்கணினியின் சொந்த டிரைவை 5இல் விட்டு, யுஎஸ்பி டிரைவை ஒரே முறை 2க்கு மாற்றி அப்படியே விட்டுவிடுவது நல்லது.

மாற்றும் முறை இது. டிரைவை இணைத்து, பிரெஞ்சு வட்டை உள்ளே இடுங்கள். விண்டோசில் `Device Manager` திறந்து, `DVD/CD-ROM drives` என்பதன் கீழ் யுஎஸ்பி டிரைவின் பெயரை இருமுறை சொடுக்குங்கள். மடிக்கணினியின் சொந்த டிரைவும் அங்கேயே இருக்கும். பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், தவறு நேருவது இந்த இடத்தில்தான். `DVD Region` என்ற தாவலில் `Changes remaining` என்பதற்கு எதிரே எத்தனை முறை மீதம் இருக்கிறது என்று காட்டும். நாடுகளின் பட்டியலில் `France` என்பதைத் தேர்ந்தால் புதிய எண்ணாக 2 தோன்றும். அதைப் பார்த்த பிறகே `OK` அழுத்துங்கள். லினக்சில் இதே வேலையை ஒரு சிறு கருவி செய்யும்:

```
regionset /dev/sr0
```

இரண்டு டிரைவ்கள் இருந்தால் யுஎஸ்பி டிரைவ் `sr1` ஆக இருக்கலாம். எண்ணை மாற்றிய பின்பும் படம் ஓடவில்லை என்றால், டிவிடி ஓட்டும் மென்பொருள் கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 8இலிருந்து அந்த வசதி இயல்பாக வருவதில்லை. சில கட்டண மென்பொருள்கள் தமக்கென்று தனியாக ஒரு ரீஜன் எண்ணையும் வைத்துக்கொள்ளும். டிரைவில் 2 ஆகவும் மென்பொருளில் 5 ஆகவும் இருந்தால் மறுப்புத் தொடரும்.

`NO DISC` என்ற மூன்றாவது வட்டு

சொல்தா ஐயாவின் மூன்றாவது வட்டைக் கையில் எடுத்தவுடனேயே காரணம் தெரிந்தது. உறை நீல நிறம், அது ப்ளூ-ரே. டிவிடி பிளேயரின் சிவப்பு லேசரால் அதைப் படிக்க இயலாது. அதற்கு ரீஜன் பார்க்கும் கட்டமே வரவில்லை. ப்ளூ-ரேயில் எண்களுக்குப் பதில் எழுத்துகள்: அமெரிக்காவும் ஜப்பானும் தென்கிழக்காசியாவும் `A`, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் `B`, இந்தியாவும் சீனாவும் ரஷ்யாவும் `C`. ப்ளூ-ரே பிளேயர் டிவிடியையும் ஓட்டும் என்பதால் அதற்குள் இரண்டு ரீஜன்கள் தனித்தனியே இருக்கும். டிவிடிக்கு எல்லா மண்டலமும் திறந்திருக்கும் பிளேயர் ப்ளூ-ரேக்கு `C` மட்டுமே என்று பிடிவாதம் பிடிக்கலாம். வாங்கும்போது இரண்டையும் கேட்க வேண்டும். எல்லா ப்ளூ-ரே வட்டுகளிலும் ரீஜன் பூட்டு இருப்பதில்லை என்பது சிறு ஆறுதல். 4கே அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே வட்டுகளுக்கோ ரீஜனே கிடையாது. ஆனால் அதற்கென 4கே பிளேயர் வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

வெளிநாட்டில் வாங்கிய அசல் வட்டை இங்கே பார்ப்பது குற்றமா என்று அஞ்சுபவர்கள் பலர். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, மீறல் படிகளை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் இடத்திலேயே, இறக்குமதி செய்பவரின் சொந்த, வீட்டு உபயோகத்துக்கான ஒரு படிக்கு விலக்கு அளிக்கிறது. முறையாக விற்கப்பட்ட அசல் வட்டை மகள் கொண்டு வந்து அப்பா வீட்டில் பார்ப்பதில் அஞ்ச ஒன்றுமில்லை.

பூட்டைத் தாண்டுவதைப் பற்றிப் பேசுவது 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு. பதிப்புரிமையைக் காக்கும் தொழில்நுட்ப ஏற்பாட்டை, அந்த உரிமையை மீறும் நோக்கத்தோடு தாண்டுபவருக்கு 2 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது அது. இதில் எடை கூடிய சொல் நோக்கம். ரீஜன் 2 பிளேயரில் ரீஜன் 2 வட்டை ஓட்டுபவர் எதையும் தாண்டவேயில்லை. டிரைவுக்குத் தயாரிப்பாளரே கொடுத்த 5 மாற்றங்களில் ஒன்றைச் செலவிடுபவரும் அப்படியே. தொழிற்சாலைப் பட்டியலில் எண்ணை மாற்றுபவர் மீறுவது வணிக ஒப்பந்தம் போட்ட வேலியைத்தான். அவர் படி எடுக்கவில்லை, விற்கவில்லை. ரீஜன் பார்க்காமலே பூட்டைத் திறக்கும் மென்பொருள்களும் உண்டு. அவற்றின் நிலை நாட்டுக்கு நாடு மாறுவதால், மேலே சொன்ன மூன்று வழிகள் கையில் இருக்கும்போது அவற்றை நாடத் தேவையில்லை என்பேன்.

என்னைப் போன்ற பழுதுபார்ப்பவர்களுக்கு அதே பிரிவில் ஒரு கடமையும் இருக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு தேவைக்காக ஒருவருக்கு இத்தகைய ஏற்பாட்டைத் தாண்ட உதவினால், அவருடைய பெயர், முகவரி, அடையாளம் காண வேண்டிய விவரங்கள், எதற்காக உதவினோம் என்பது எல்லாவற்றையும் பதிந்து வைக்க வேண்டும். பிளேயரின் ரீஜனை மாற்றிக் கொடுப்பது அந்த வரையறைக்குள் வருமா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட நான்கு வரி எழுதி வைப்பது எளிது. அதற்கென என் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. "ரீஜன் இல்லாம ஒரு காப்பி போட்டுக் கொடுங்க" என்று வருபவர்களுக்கு மட்டும் நான் நோட்டைத் திறப்பதில்லை. பூட்டை உடைத்துப் படியெடுத்துப் பணம் வாங்குவது வேறு தொழில்.

நான்கு வட்டுகளும் என்ன ஆயின

தமிழ்ப் படத்துக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஐயாவின் பிளேயரில் ரீஜனை மாற்றும் வசதி இல்லை என்பதால், பிரெஞ்சுப் படத்துக்காகச் சித்திரையில் மறுபடி வரவிருந்த மகளிடம் எச்டிஎம்ஐ உள்ள ப்ளூ-ரே பிளேயர் ஒன்றைப் பாரீசிலேயே வாங்கி வரச் சொன்னேன். அது டிவிடியில் 2, ப்ளூ-ரேயில் `B`; ஆகவே இரண்டு பிரெஞ்சு வட்டுகளும் ஒரே பெட்டியில் தீர்ந்தன. பழைய பிளேயர் தொலைக்காட்சியின் இன்னொரு இணைப்பில் உள்ளூர் வட்டுகளுக்காக அப்படியே இருக்கிறது. அமெரிக்க வட்டு இரண்டிலும் ஓடவில்லை. ஒரே ஒரு வட்டுக்காகத் தனி டிரைவ் வாங்க வேண்டாம் என்று சொல்லி, அந்தப் படம் கட்டண இணையச் சேவைகளில் கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்தோம், வாடகைக்குக் கிடைத்தது. வட்டை மட்டும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. "மருமவன் தம்பி ஆசையா குடுத்தது தம்பி, அலமாரியில இருக்கட்டும்" என்று உறையோடு வாங்கி வைத்துக்கொண்டார்.